ஏட்டியும் அம்மிணியும்

அன்புள்ள அக்கா,

நான் பாளையங்கோட்டை, மனைவி ஈரோடு. கல்யாணமாகி ஏழு மாதம். பாசமாக ‘ஏட்டி’ என்று கூப்பிட்டால் அவள் முகம் வாடிவிடுகிறது. எங்கள் ஊரில் இது பிரியமான வார்த்தை என்று பலமுறை விளக்கிவிட்டேன். அவள்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அல்லது ‘அன்பே’, ‘செல்லம்’ மாதிரி பொதுவான சொல் ஏதாவது சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

‘அன்பே’ வேண்டாம், அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. ‘செல்லம்’ பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘அவள்தான் பழகிக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. ஒரு பெண் வீட்டையும் ஊரையும் விட்டு வந்திருக்கிறாள். காதையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமா? பலமுறை விளக்கினேன் என்கிறீர்கள். பாசத்துக்கு விளக்கவுரை தேவைப்படுகிறது என்றால் அது இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதானே அர்த்தம்?

நான் கோபிச்செட்டிபாளையத்துப் பெண். என் வீட்டுக்காரர் உங்கள் ஊர்ப்பக்கம்தான். அதனால் இது நான் பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம். கொஞ்சுகிற சொல் என்றால் எல்லோரும் தங்கம், கண்ணு, ராசாத்தி என்று பெயர்களைத்தான் தேடுகிறார்கள். காது முதலில் பிடிப்பது பெயரை அல்ல, வினையின் வாலை. எங்கள் பக்கம் பெரியவர்கள் சின்னப் பிள்ளையிடமே ‘வாங்க கண்ணு, சாப்பிடுங்க சாமி’ என்பார்கள். எங்களுக்கு மரியாதையும் கொஞ்சலும் அந்த ‘ங்க’வுக்குள்தான் இருக்கின்றன. அது இல்லாமல் ஒரு ‘டி’ வந்து விழுந்தால், ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்றுதான் மனசு பதறும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டில் இருந்த ஒரு பெரியவர் ‘எப்ப வந்திய?’ என்று கேட்டார். எனக்கு அது ‘எப்ப வந்தே’ என்றுதான் கேட்டது. மருமகள் என்றால் இவ்வளவு இளக்காரமா என்று அடுப்படியில் நின்று அழுதேன். ‘வந்திய’, ‘போனிய’, ‘இருக்கிய’ எல்லாம் திருநெல்வேலியில் மரியாதைப் பன்மை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர் தந்த மரியாதை என் காதுக்கு வந்தபோது அவமதிப்பாகிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நான் மாமியாரிடம் வார்த்தைக்கு வார்த்தை ‘சரிங்க, ஆமாங்க’ போட்டேன். ஒருநாள் அவர், ‘ஏளா, ஏன் விருந்தாளி மாதிரி பேசுத?’ என்று மனம் நொந்து கேட்டார். என் ‘ங்க’ அவருக்கு வாசலிலேயே நிற்கிற பேச்சாக இருந்திருக்கிறது. அந்த ‘ஏளா’வும் எனக்கு முள்ளாகத்தான் இருந்தது. ஒரு காய்ச்சல் நாளில், தலைமாட்டில் உட்கார்ந்து ‘ஏளா, ஒரு வாய் கஞ்சி குடி’ என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் சூடு தெரிந்தது. கலித்தொகையில் ‘எல்லா’ என்று ஒரு விளி வருகிறது. அந்தச் சொல்தான் ‘ஏளா’வாகத் தேய்ந்திருக்கலாம் என்று படித்தபோது மாமியார் உயிரோடு இல்லை. அவரிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ‘அம்மிணி’ என்று கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். அது நல்ல சொல்தான், ஆனால் ஈரோட்டில் காய்கறிக் கடைக்காரரும் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிட்டிருப்பார். நெருக்கம் அதில் தானாக வராது. அதிலும் ‘அம்மிணி, இங்க வாட்டி’ என்று உங்கள் வாலை ஒட்டவைத்தால், ஊர்ப்பேச்சைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைத்துவிடுவாள். பெயரை மாற்றினால் வினையையும் சேர்த்து மாற்றுங்கள்.

அவள் அம்மா போனில் பேசும்போது கவனியுங்கள். சோர்ந்திருக்கிற நாளில் அவர் மகளை எப்படி அழைக்கிறார்? ‘கண்ணு’ என்றா, ‘தங்கம்’ என்றா, ‘சாமி’ என்றா? அந்தச் சொல்லோடு ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுப் பாருங்கள். அவள் அப்பா மட்டும் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருந்தால் அதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவருடையது. சொல் சேர்ந்ததா என்பதை அவள் முகத்தைவிட அவள் பதிலில் பாருங்கள். ‘ம்’ என்று நின்றுவிட்டால் சேரவில்லை. தானாக நாலு வார்த்தை கூடப் பேசினால் சேர்ந்துவிட்டது.

‘ஏட்டி’யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவள் வீட்டார் முன்னால் வேண்டாம், சண்டையின்போது வேண்டவே வேண்டாம். கோபத்தில் ஒருமுறை கேட்டுவிட்டால், அப்புறம் அதைக் கொஞ்சலாகக் கேட்க வெகுநாள் ஆகும்.

என் வீட்டுக்காரர் இத்தனை வருடத்தில் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே வாசலிலிருந்து குரல் வரும்: ‘ஏட்டி, சாப்டீங்களா?’

அன்புடன்,
அக்கா