தட்டில் எல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தால்

கேள்வி: தினமும் பருப்பு, குழம்பு, பொரியல் மூன்றும் செய்கிறேன். ஆனாலும் தட்டில் போட்டால் எல்லாம் ஒரே மஞ்சளாக, குழகுழவென்று இருக்கிறது. எதோடு எதைச் சேர்க்க வேண்டும்?

அநேகமாக உங்கள் வீட்டில் சாம்பார், கூட்டு, பொரியல் என்று ஓடிக்கொண்டிருக்கும். சாம்பாரில் துவரம்பருப்பு, கூட்டில் பாசிப்பருப்பு, அது போதாதென்று பொரியலிலும் ஒரு பிடி வெந்த பருப்பு. மூன்றிலும் மஞ்சள்தூள், மூன்றிலும் தேங்காய். கழுவுவதற்குத்தான் மூன்று பாத்திரம். சாப்பிடுகிறவருக்கு ஒரே பதார்த்தம்.

முதலில் குழம்பை முடிவு செய்யுங்கள். அதில் பருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனியாகப் பருப்பு வேண்டாம், பொரியலிலும் வேண்டாம். இல்லையென்றால்தான் பருப்பு வேறு இடத்தில் வர வேண்டும். மோர்க்குழம்புக்குப் பருப்பு உசிலி பொருந்துவது இதனால்தான்: அந்தக் குழம்பில் அரைத்துவிடும் ஒரு ஸ்பூன் கடலைப்பருப்பைத் தவிரப் பருப்பே கிடையாது. சாம்பாருக்கு உசிலி வைத்துப் பாருங்கள், நாலு வாயில் திகட்டிவிடும்.

நீங்கள் மூன்றும் செய்கிறவர் என்பதால் கட்டிப்பருப்பு, கத்தரிக்காய் காரக்குழம்பு, பீன்ஸ் பொரியல் என்று ஒரு நாள் சமையலை எடுத்துக்கொள்கிறேன். மஞ்சள், கரும்பழுப்பு, பச்சை. ஒன்று மசிந்தது, ஒன்று காய் முழுசாகக் கிடக்கும் புளிப்புக் குழம்பு, ஒன்று கடிபடுவது. பருப்பும் புளிக்குழம்பும் சேர்ந்தால் சாம்பார்தானே என்று யாராவது கேட்பார்கள். இல்லை. சாம்பாரில் இரண்டும் கொதித்து ஒன்றாகிவிடும். இங்கே ஒவ்வொரு கவளத்திலும் எவ்வளவு பருப்பு, எவ்வளவு காரம் என்பதைச் சாப்பிடுகிறவர் தீர்மானிக்கிறார்.

அளவு நான்கு பேருக்கு. துவரம்பருப்பு அரை கப், அதாவது ஏறக்குறைய 100 கிராம். தலைக்கு 25 கிராம் பருப்பில் 5 கிராமுக்குச் சற்று மேல் புரதம் வரும். அரிசிப் புரதத்தில் குறைகிற லைசினைப் பருப்பு ஈடுகட்டும் என்பதால் இதைக் குறைக்க வேண்டாம். குக்கருக்குள் வைக்கும் பாத்திரத்தில் ஒன்றேகால் கப் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு நாலு விசில். இன்றைய சமையலில் மஞ்சள்தூள் விழுவது இங்கே மட்டும்தான். சூடாக இருக்கும்போதே மத்தால் கடைந்து, பிறகு உப்பு. நெய்யில் சீரகமும் மூன்று பல் தட்டிய பூண்டும் தாளித்தால் போதும். தக்காளி போடாதீர்கள், புளிப்பு குழம்பின் வேலை. அடுப்பை விட்டு இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், ஆறும்போது இறுகும். நாலு விசிலுக்குப் பிறகும் நடுவில் கடுக்கென்று இருந்தால் பருப்பு பழசு அல்லது தண்ணீர் உப்பு. அடுத்த முறை ஒரு மணி நேரம் ஊறவைத்து வேகவிடுங்கள்.

குழம்புக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய் கால் கிலோ. காம்பை முழுதும் வெட்டாமல் நாலாகப் பிளந்து தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம். வெந்தயம் சிவந்த உடனே கறிவேப்பிலை, பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு. ஒரு நிமிஷம் தாமதித்தால் வெந்தயம் கருகிக் குழம்பே கசக்கும், வெல்லம் போட்டாலும் மறையாது. வெங்காயம் வதங்கியதும் கத்தரிக்காய். தோல் சுருங்கி முக்கால் வேக்காடு வந்த பிறகு மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், மல்லித்தூள் இரண்டு ஸ்பூன் போட்டுப் பிரட்டி, அப்புறம்தான் புளிக்கரைசல். இந்த வரிசை முக்கியம். புளிப்பு சேர்ந்துவிட்டால் காய் அதற்கு மேல் லேசில் மசியாது. முதலிலேயே புளியை ஊற்றியவர்களுக்குத் தோல் ரப்பர் மாதிரி பல்லில் மாட்டும்.

புளி எலுமிச்சை அளவு, இரண்டு கப் வெந்நீரில் ஊறவைத்தது. எலுமிச்சை அளவு என்பது கொட்டையும் நாரும் போக. 'கொட்டை எடுத்தது' என்று அச்சடித்த பாக்கெட்டைப் பிரித்தால் கைநிறையக் கொட்டை வருகிறது, ஓடு வருகிறது, சில சமயம் சணல் நூலும் வருகிறது. கிலோ விலை கொடுத்துக் கொட்டையை வாங்கி, உட்கார்ந்து நாமே எடுத்து எறிய வேண்டும். கேட்டால் 'எல்லாம் அப்படித்தான் வருது' என்கிறார்கள். சரி, குழம்புக்கு வருவோம்.

உப்புப் போட்டு மிதமான தீயில் கால் மணி நேரம் கொதிக்கட்டும். முதலில் பெரிய பெரிய கொப்புளமாகத் தெறிக்கும், பச்சைப்புளி வாசனை இருக்கும். வற்ற வற்றக் கொப்புளம் சிறுத்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதுதான் பதம். அதற்கு முன் இறக்கினால் குழம்பு தட்டில் ஓடிப் பருப்போடு கலந்துவிடும், உங்கள் ஒரே நிறப் பிரச்சினை திரும்ப வரும். எங்கள் ஊரில் தேங்காய் அரைத்து ஊற்றுவோம் என்பவர்கள் தாராளமாக ஊற்றுங்கள், ஆனால் அன்றைக்குப் பொரியலில் தேங்காயை நிறுத்திவிடுங்கள்.

பொரியல்தான் பெரும்பாலும் சொதப்புகிற இடம். பீன்ஸ் கால் கிலோ, நாரெடுத்து மெல்லிசாக, எல்லாம் ஒரே அளவில். பெரிசும் சிறிசுமாக இருந்தால் பெரிசு வேகும் நேரத்தில் சிறிசு குழைந்துவிடும். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு வரமிளகாய். உளுந்து பொன்னிறமாக நின்றால் அதுவும் ஒரு மொறுமொறுப்பு. காயைப் போட்டு இரண்டு நிமிஷம் வதக்கி, உப்பும் கைத்தண்ணீரும் தெளித்து, திறந்தே வேகவிடுங்கள். மூடினால் காயிலிருந்து ஆவியோடு வெளியேற வேண்டிய அமிலம் மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும். பச்சை நிறத்தைக் கெடுப்பது அந்த அமிலம். காய் காக்கி நிறத்துக்குப் போவது அதனால்தான். அடி காய்ந்தால் இன்னொரு கை தண்ணீர். எட்டு, பத்து நிமிஷத்தில் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள்: பச்சை வாசனை போயிருக்க வேண்டும், ஆனால் விரலால் நசுக்கினால் நசுங்கக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல். மஞ்சள்தூள் இதில் கூடவே கூடாது. வேகாத காயைச் சாப்பிட்டால் வயிறு என்னாவது என்று கேட்பவர்களுக்கு: இது வெந்த காய்தான், குழையாத காய்.

வேலை வரிசை: புளியை ஊறப்போட்டு, குக்கரை ஏற்றி, காய் நறுக்கி, குழம்பு கொதிக்கும்போது பருப்பைக் கடைந்து, பொரியலைக் கடைசியாக. முதலில் செய்து மூடி வைத்த பொரியல் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தச் சூட்டிலேயே நிறம் மாறிவிடும். டிபன் டப்பாவில் கட்டுவதாக இருந்தாலும் தட்டில் பரப்பி ஆறவிட்டு மூடுங்கள்.

காயை மாற்றும்போதும் இதே கணக்குதான். குழம்பில் முருங்கைக்காய் என்றால் பொரியலுக்குக் கொத்தவரங்காய். குழம்பில் வெண்டைக்காய் என்றால் பக்கத்தில் வாழைக்காய் வறுவல். பருப்புக்குப் பதில் கீரைக்கடைசல் என்றால் பச்சை அங்கே வந்துவிட்டது, பொரியலுக்குக் கேரட் எடுங்கள். பீட்ரூட் மட்டும் தனிக் கிண்ணத்தில், இல்லாவிட்டால் சோறு, பருப்பு எல்லாம் சிவப்பு.