வண்டிக் கடனின் பிராசஸிங் கட்டணத்தை எப்படிப் பரப்புவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்க கம்பெனிக்கு லோடு வண்டி எடுக்க 10 லட்சம் கடன் வாங்கினோம். 9% வட்டி, 36 மாசத் தவணை. பிராசஸிங் கட்டணம் 10,000, அதுக்கு ஜிஎஸ்டி 1,800. ரெண்டையும் பிடிச்சிக்கிட்டுதான் பணம் போட்டாங்க. கட்டணத்தை வண்டி விலையோட சேர்த்துட்டேன். ஆடிட்டர் அது தப்பு, எஃபெக்டிவ் இன்ட்ரஸ்ட் முறையில கடன் காலம் பூரா பரப்பணும்னு சொல்றார். எப்படிப் போடணும்?

பதில்: ஆடிட்டர் சொல்வதுதான் சரி. ஆர்டிஓ பதிவுச் செலவு வண்டியோடு சேரும், ஏனென்றால் அது இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடாது. பிராசஸிங் கட்டணம் அப்படி இல்லை. ரொக்கமாக வாங்கியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. ஆகவே அது கடனின் செலவு, பெயர் மாறி வந்த வட்டி. வண்டியோடு சேர்த்துவிட்டால் தேய்மானத்தில் கரைந்து, நிதிச் செலவு குறைவாகத் தெரியும்.

ஜிஎஸ்டி 1,800-ஐ முதலில் பிரித்துவிடுங்கள். உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடிந்தால் அது கணக்கில் செலவே இல்லை. எடுக்க முடியாதவர்கள் 11,800 முழுவதையும் கட்டணமாகக் கொள்ள வேண்டும். நீங்கள் வரவு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது கணக்குப்படி உங்கள் கைக்கு வந்த கடன் 9,90,000. ஆனால் கட்டுவதோ 10 லட்சத்துக்கான தவணை, மாதம் 31,799.73. இந்த 36 தவணைகளும் எந்த வட்டியில் 9,90,000-க்குச் சமமாகும் என்பதுதான் கேள்வி. எக்செலில் ஒரு வரி போதும்:

```
=RATE(36,-31799.73,990000)
```

விடை மாதத்துக்கு 0.80734%. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 9.69% வரும். தவணைக்கு முன்னால் கழித்தல் குறியை விட்டுவிட்டால் எக்செல் பிழை காட்டும். முதல் தவணை ஒரு மாதம் கழித்து வருவதாக இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கும் அப்படியா என்று தவணை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். 9,90,000-க்கு 0.80734% என்றால் 7,992.67. வங்கி அட்டவணையில் அந்த மாத வட்டி 7,500. வித்தியாசம் 492.67, அதுதான் இந்த மாதத்துக்கு உரிய கட்டணப் பங்கு. இரண்டாம் மாதம் 482.71. கடைசி மாதம் வெறும் 18 ரூபாய்தான் வரும். நிலுவை பெரிதாக இருக்கும்போது பங்கு பெரிது, குறையக் குறையச் சிறிது. ஆண்டுவாரியாக 5,213, 3,464, 1,323 என்று மொத்தம் 10,000 தீரும். நேர்கோட்டில் பிரித்தால் ஆண்டுக்கு 3,333 வரும். கடன் பாதி தீர்ந்த பிறகும் முழுக்கடனுக்குரிய சுமை போலக் காட்டுவது அதன் கோளாறு.

லெட்ஜரில் கடனை வங்கி சொல்கிறபடி 10,00,000 என்றே வரவு வையுங்கள். பரப்பாத கட்டணத்துக்குத் தனி லெட்ஜர் திறந்து 10,000 பற்று வையுங்கள். இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டினால் போதும். முதல் தவணைக்கான பதிவு இது:

```
நிதிச் செலவு        பற்று    7,992.67
கடன்                பற்று   24,299.73
வங்கி               வரவு    31,799.73
பரப்பாத கட்டணம்     வரவு       492.67
```

இப்படி வைத்தால் கடன் லெட்ஜர் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு எப்போதும் ஒத்துப்போகும், தனி லெட்ஜரில் பாக்கி மட்டும் நிற்கும். முதல் ஆண்டு முடிவில் கடன் 6,96,069, பாக்கிக் கட்டணம் 4,787. கழித்தால் 6,91,282. மீதி 24 தவணைகளை 0.80734% வட்டியில் அன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாலும் இதே 6,91,282 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு மாதப் பதிவு விடுபட்டிருக்கும், பெரும்பாலும் தவணை வங்கியில் தானாகப் பிடிபட்டு, கட்டணப் பங்கை மட்டும் மறந்த மாதமாக இருக்கும்.

வண்டியை விற்றுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அப்போது மிச்சமிருக்கும் கட்டணம் அந்த மாதத்திலேயே முழுச் செலவாகும். அதை வண்டி விற்ற லாப நட்டத்தோடு கலக்கக் கூடாது.

இந்த முறை கட்டாயமாவது இந்த்-ஏஎஸ் 109 பின்பற்றும் கம்பெனிக்கு. பழைய ஏஎஸ் பின்பற்றுகிறீர்கள் என்றால், ஏஎஸ் 16 பரப்பிய கட்டணத்தைக் கடன் செலவாகத்தான் சேர்க்கிறது, ஆனால் எந்த முறையில் பரப்புவது என்று வரையறுக்கவில்லை. அப்போது 10,000 ரூபாய்க்கு நேர்கோடே போதும் என்பது என் கருத்து, எதை எடுத்தாலும் மாற்றாமல் பின்பற்றுங்கள்.

வருமான வரிக் கணக்கு வேறு. கடன் எழுப்பும் செலவு வருவாய்ச் செலவே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புகழ்பெற்ற வழக்கு நம்மூர் தாழையூத்தில் ஆலை தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸுடையது. அதைப் பிடித்து முதலாண்டிலேயே 10,000 முழுவதையும் கழிக்க இடமுண்டு. அப்படிச் செய்தால் புத்தகச் செலவுக்கும் வரிச் செலவுக்கும் முதலாண்டு முடிவில் 4,787 வித்தியாசம் வரும், அதற்கு ஒத்திவைத்த வரி போட வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லிவையுங்கள்.