பிரான்சைஸ் கடையில் போர்டே மாறிவிட்டதா? கடிதம் எழுதும் முறை

ஃபில்டர் காபி கடைகள் நடத்துகிறோம். திருப்பூரில் பிரான்சைஸ் எடுத்தவர் எங்கள் பழுப்பு லோகோவைப் பச்சையாக்கி, பக்கத்தில் தன் அப்பா பெயரையும் சேர்த்துப் போர்டு வைத்துவிட்டார். கப்பில் அவருடைய செல் நம்பர். போனில் சொன்னால் "பார்க்கலாம் சார்" என்கிறார். உறவு கெடாமல் எப்படி எழுதுவது?

போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, அதனால் இனி எழுத்தில்தான். எழுதுவதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். மீறலைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் என்று போட்டிருக்கிறது? நோட்டீஸ் எந்த முகவரிக்கு, எந்த வழியில் போக வேண்டும்? தபாலில் என்று இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நோட்டீஸ் என்று பிறகு வாதாடுவது கடினம். தபாலில் அனுப்பி, நகலை வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

"பிராண்ட் தரத்தைக் காக்கவில்லை" என்று மொத்தமாக எழுதினால் அவர் எதையும் மாற்ற மாட்டார். உங்களிடம் இருப்பது மூன்று மீறல். ஒவ்வொன்றையும் தேதியிட்ட போட்டோவோடு தனித்தனியாகச் சொல்லுங்கள். உதாரணமாக, போர்டுக்கு இப்படி:

> "மார்ச் 4 அன்று எடுத்த படம் 1-இல், முகப்புப் போர்டில் லோகோ பச்சை நிறத்தில் உள்ளது, கூடவே வேறொரு பெயரும் உள்ளது. இவை ஒப்பந்தப் பிரிவு 7.2-க்கு மாறானவை. கூடுதல் பெயரை மார்ச் 10-க்குள் மறைக்கவும். புதிய போர்டை ஏப்ரல் 8-க்குள் பொருத்தி, படம் அனுப்பவும். சரியான லோகோ ஃபைலும் நிற எண்ணும் இணைப்பில் உள்ளன. இக்கடிதத்தால் ஒப்பந்தப்படி எங்களுக்குள்ள எந்த உரிமையும் கைவிடப்படவில்லை."

இரண்டு தேதி கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பெயர் மேல் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு நாள் வேலை. எல்.இ.டி. வைத்த அக்ரிலிக் போர்டு என்றால் அளவெடுத்து, செய்து, மாட்ட வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாள் கெடு வைத்தால் அவரால் முடியாது. நாளைக்கு ஆர்பிட்ரேஷனில் நீங்கள்தான் நியாயமில்லாமல் நடந்தவர் ஆவீர்கள். ஒப்பந்தத்தில் 30 நாள் என்றிருந்தால் இறுதிக் கெடுவை அதற்குக் கீழே குறைக்காதீர்கள். ஸ்டிக்கர் மாதிரி இடைக்கால ஏற்பாட்டுக்கு மட்டும் முன்தேதி கேட்கலாம்.

லோகோ ஃபைலை மறக்காமல் அனுப்புங்கள். பாதிப் போர்டுகள் கெடுவது, பிளெக்ஸ் கடைக்காரர் வாட்ஸ்அப் படத்திலிருந்து லோகோவை எடுத்து இழுத்துப் பெரிதாக்குவதால்தான். அப்புறம், ராயல்டி பாக்கியை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். கலந்தால் பேச்சு முழுக்கப் பணத்தைப் பற்றியே போகும், போர்டு அப்படியே நிற்கும்.

"உங்க சூப்பர்வைசர் எட்டு மாசமா பார்த்துட்டுத்தானே போறார், அப்ப ஏன் சொல்லலை?" என்று திருப்பிக் கேட்கிறார். என்ன சொல்வது?

நியாயமான கேள்வி. பதில் எழுதுமுன் சூப்பர்வைசரின் ஆய்வுப் படிவங்களையும் வாட்ஸ்அப்பையும் பாருங்கள். "போர்டு சூப்பர்" என்று அவர் அனுப்பியிருந்தால், மீறல் என்று சாதிக்காமல் பேசித் தீர்ப்பதே நல்லது; போர்டு செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளலாம். வெறுமனே சும்மா இருந்திருந்தால், மௌனம் சம்மதம் ஆகாது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதைச் சுட்டி, இன்றிலிருந்து முழு அவகாசம் கொடுங்கள்.

தெரிந்தும் விட்டுவைப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. அவரைப் பதிவு பெற்ற பயனராக டிரேட்மார்க் அலுவலகத்தில் பதிந்திருந்தால், ஒப்பந்தத்தில் சொன்ன தரத்தை நீங்கள் வற்புறுத்தவில்லை என்பதே அந்தப் பதிவை ரத்து செய்யக் காரணமாகலாம். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 50-ஆவது பிரிவு அது. உங்கள் சொந்தக் கடைகளின் போர்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கேயே பழைய லோகோ தொங்கினால் அவர் அதைத்தான் முதலில் படம் பிடிப்பார்.

சரிசெய்யும்வரை காபித்தூள் அனுப்புவதை நிறுத்தலாமா?

ஒப்பந்தம் அந்த உரிமையைத் தெளிவாகக் கொடுத்திருந்தால் ஒழிய, கூடாது. நிறுத்தினால் மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அவரும் வெளியில் தூள் வாங்கி, உங்கள் பெயரில் காபி போடுவார்.

எங்கள் ஊறுகாய் பிராண்டை லைசென்ஸ் எடுத்துத் தயாரிப்பவர் தவறான லேபிளை அச்சடித்துவிட்டார். 8,000 லேபிள் மிச்சம். தீரும்வரை ஒட்டிக்கொள்கிறேன் என்கிறார்.

என்ன தவறு என்பதைப் பொறுத்தது. நிறம் கொஞ்சம் மங்கல், எழுத்துரு வேறு என்றால் விடலாம். ஆனால் மிச்ச எண்ணிக்கையையும் கடைசித் தேதியையும் எழுதி, "இந்த லேபிளுக்கு மட்டும்" என்று சொல்லி அனுமதி கொடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் விடுபட்டிருந்தாலோ, இன்னும் பதிவாகாத பெயருக்கு வட்டத்துக்குள் ஆர் குறி போட்டிருந்தாலோ ஒரு பாட்டிலுக்குக்கூட அனுமதி தர முடியாது. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவதை அதே டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆவது பிரிவு தடுக்கிறது. அச்சை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மிச்ச லேபிளைக் கிழித்து அழித்ததற்குப் படமும், எண்ணிக்கையோடு கையெழுத்திட்ட கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைகளுக்குப் போய்விட்ட பாட்டில்களின் பேட்ச் எண்களையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.