நிஃப்டி புட் விற்பவர்களின் கேள்விகள்: டெல்டா எவ்வளவு, நாள் எவ்வளவு?

புட் விற்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே கணக்குதான்: நிஃப்டி ஃபியூச்சர் 25,000, மாத எக்ஸ்பயரிக்கு 30 நாள், லாட் அளவு 65. பிரீமியங்கள் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்ட தோராயம். புட்டின் டெல்டாவுக்கு முன்னால் வரும் மைனஸ் குறியை விட்டுவிடுகிறேன்.

எப்போதும் 800 புள்ளி கீழே உள்ள புட்டை விற்கிறேன். இதற்கு டெல்டா எதற்கு?

800 புள்ளி என்பது எல்லா மாதமும் ஒரே தூரம் அல்ல. ஐ.வி. 14 என்றால் 24,200 புட்டின் டெல்டா சுமார் 0.20, பிரீமியம் 116 ரூபாய் அளவில் இருக்கும். அதே ஐ.வி. 20-க்கு ஏறினால் 0.20 டெல்டா 23,850 பக்கம் இறங்கிவிடும். அங்கே பிரீமியம் 160 ரூபாயை ஒட்டி வரும். அதாவது சந்தை பதற்றமாக இருக்கும்போது 350 புள்ளி தள்ளி நின்றும் கூடுதல் பணம் கிடைக்கிறது. அந்த நேரத்திலும் 24,200-ஐயே விற்றால் நீங்கள் அறியாமலே அதிக ரிஸ்க் எடுக்கிறீர்கள். டெல்டாவை நிலையாக வைத்தால் தூரம் தானாக மாறிக்கொள்ளும். அதன் பயன் இவ்வளவுதான். நல்ல மாதம் எது, கெட்ட மாதம் எது என்று அது சொல்லாது.

0.20 டெல்டா விற்றால் 80 சதவீதம் ஜெயிப்பேன் என்கிறார்களே?

எக்ஸ்பயரி அன்று ஸ்ட்ரைக்குக் கீழே முடிய ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று படிக்கலாம். அதுவும் ஐ.வி. சொல்வது சரியாக இருந்தால். ஆனால் நடுவில் ஒருமுறையாவது ஸ்ட்ரைக்கைத் தொடும் வாய்ப்பு அதைப்போல இரண்டு மடங்கு, சுமார் 40 சதவீதம். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

2024 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் தேதி நிஃப்டி 23,263-இல் முடிந்தது. அன்று இந்தியா விக்ஸ் 21-ஐ ஒட்டி இருந்தது. என் கணக்கில் ஜூன் 27 எக்ஸ்பயரிக்கான 0.20 டெல்டா புட் 22,000-க்கும் 22,300-க்கும் இடையே வந்திருக்கும். மறுநாள் தேர்தல் முடிவு. நிஃப்டி இடையில் 21,300-க்கும் கீழே போய், 21,884-இல் முடிந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீத வீழ்ச்சி, ஸ்ட்ரைக் உடைந்துவிட்டது. அடுத்த நாளே 22,620. எக்ஸ்பயரி அன்று 24,000-க்கு மேல். அந்தப் புட் ஒன்றுமில்லாமல் காலாவதியானது.

டெல்டாவின் கணிப்பு சரிதானே என்று கேட்கலாம். சரிதான், அந்த ஒரு நாளைத் தாக்குப்பிடித்தவருக்கு. 4-ஆம் தேதி மதியம் மார்ஜின் போதாமல் புரோக்கர் மூடிவிட்டவருக்கு 27-ஆம் தேதி என்ன நடந்தால் என்ன?

ஏழு நாள் புட்டை மாதம் நான்கு முறை விற்றால் அதிகம் கிடைக்கிறதே?

கிடைக்கும். ஐ.வி. 14-இலேயே ஏழு நாள் 0.20 டெல்டா 24,600-இல் இருக்கும், பிரீமியம் 55 ரூபாய். நான்கு முறை என்றால் 220. மாதப் புட்டில் 116 மட்டுமே. அப்புறம் ஏன் மாதக் கணக்குக்குப் போக வேண்டும்?

ஏனென்றால் டெல்டா ஒன்றாக இருந்தாலும் தூரம் ஒன்றல்ல. ஒன்று 400 புள்ளி தள்ளி நிற்கிறது, மற்றது 800. விற்ற கையோடு நிஃப்டி 400 புள்ளி விழுகிறது என்று வையுங்கள். மாதப் புட்டின் டெல்டா 0.33 ஆகும், விலை 222 ரூபாய் ஆகும். வாங்கிய பணத்துக்குச் சற்றுக் குறைவான நஷ்டம். யோசிக்க இன்னும் இடமிருக்கிறது. வாரப் புட்டோ ஸ்ட்ரைக்கிலேயே வந்து நிற்கும். டெல்டா 0.50, விலை 190. வாங்கியது 55, நஷ்டம் 135. அந்த நான்கு வார வருமானத்தில் இரண்டரை வாரம் ஒரே நாளில் போகிறது. டெல்டா இவ்வளவு வேகமாக மாறுவதைத்தான் காமா என்கிறோம்.

மாதப் புட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஐ.வி. ஏறினால் அதற்குத்தான் அடி அதிகம். மேலே சொன்ன வீழ்ச்சியோடு ஐ.வி. 4 புள்ளி ஏறினால் விலை 222-இல் நிற்காது, 325 பக்கம் போகும். வாரப் புட்டில் அதன் தாக்கம் ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் ஐ.வி. பெரும்பாலும் திரும்ப இறங்கும். காமாவில் விட்ட பணம் அப்படித் திரும்பாது. வேலைக்குப் போய்க்கொண்டே வியாபாரம் செய்பவருக்கு நான் மாதத்தையே சொல்வேன்.

ஒரே ஸ்ட்ரைக்குக்கு ஒரு ஆப் 0.17 காட்டுகிறது, இன்னொன்று 0.20. எது சரி?

எந்த ஐ.வி.-யை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். கீழே உள்ள புட்களின் ஐ.வி. நடு ஸ்ட்ரைக்கைவிட வழக்கமாக அதிகம். நடு ஸ்ட்ரைக்கின் 12-ஐ 24,200-க்குப் போட்டால் 0.17 வரும், அந்த ஸ்ட்ரைக்கின் சொந்த 14-ஐப் போட்டால் 0.20. இரண்டாவதை நம்புங்கள். என்.எஸ்.இ. ஆப்ஷன் செயினில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் ஐ.வி. இருக்கும், டெல்டா இருக்காது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது தசமத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாதம் தள்ளி 50-இல் முடியும் ஸ்ட்ரைக்குகளில் வாங்குவோர்-விற்போர் விலை இடைவெளி அகலமாக இருக்கலாம். 24,150-ஐவிட 24,200 நல்லது.

எத்தனை லாட் விற்கலாம்? எப்போது வெளியே வருவது?

மார்ஜினை வைத்து லாட்டை முடிவு செய்யாதீர்கள். ஒரு லாட் 24,200 புட் விற்றால் உங்கள் தலைமேல் இருப்பது 15.73 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பொறுப்பு. கைக்கு வந்தது சுமார் 7,500.

கணக்கில் அவ்வளவு பணம் இல்லையென்றால் கீழே ஒரு புட் வாங்கிவிடுங்கள். 23,200 புட்டின் ஐ.வி. 16 என்றால் அது 24 ரூபாய் அளவில் கிடைக்கும். மிஞ்சும் வரவு 92 ரூபாய், லாட்டுக்கு 5,980. அதிகபட்ச நஷ்டம் 59,020 என்று அங்கேயே நின்றுவிடும். மார்ஜினும் குறையும். ஜூன் 4 மாதிரி நாளில் ஸ்டாப் லாஸ் நீங்கள் நினைத்த விலையில் ஓடாது. வாங்கி வைத்த புட்தான் காப்பாற்றும்.

வெளியேறுவதற்கு என் வழக்கம் இது. 116-க்கு விற்றது 58-க்கு வந்தால் வாங்கி மூடிவிடுவேன். மிச்சம் 58-க்காக இன்னும் இரண்டு வாரம் காத்திருப்பது கட்டுப்படியாகாது. லாபமோ நஷ்டமோ, எக்ஸ்பயரிக்குப் பத்து நாள் இருக்கும்போது வெளியே. அதற்குமேல் இருந்தால் மாதப் புட்டும் வாரப் புட்டாகிவிடும். எதிராகப் போனால் டெல்டா 0.40 என் எல்லை. பிரீமியம் இரண்டு மடங்கானால் மூடு என்பது பிரபலமான விதி. ஐ.வி. துள்ளினாலே பிரீமியம் ஏறிவிடும் என்பதால் நிஃப்டி அதிகம் நகராமலே அது உங்களை வெளியேற்றக்கூடும். டெல்டா அந்த அளவுக்கு ஆடாது.

பங்கு ஆப்ஷன்களிலும் இதே 0.20-தானா?

இல்லை, இன்னும் குறைவாக எடுங்கள். காலாண்டு முடிவு எக்ஸ்பயரிக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள், வந்தால் விட்டுவிடுங்கள். நிஃப்டி ஆப்ஷன் பணமாகத் தீர்க்கப்படும். பங்கு ஆப்ஷன் அப்படியல்ல, ஸ்ட்ரைக்குக் கீழே முடிந்தால் முழு லாட் பங்கையும் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாட்களில் புரோக்கர் மார்ஜினைக் கூட்டிக்கொண்டே போவதும் அதனால்தான்.