3 கிலோவாட் சோலார் கொட்டேஷனை எப்படிச் சரிபார்ப்பது?

"3 கிலோவாட் போட்டால் தினமும் 18 யூனிட் வரும், 3 வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?"

18 யூனிட்டை நம்பாதீர்கள். 18-ஐ 3-ஆல் வகுத்தால் கிலோவாட்டுக்கு 6 யூனிட். நல்ல வெயில் உள்ள ஊரிலும் வருட சராசரி 4 யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். சூடு, தூசி, மேகம், இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் சேர்ந்து குறைத்துவிடும். 6 என்பது கோடையின் ஒரு தெளிவான நாளில் கிடைக்கலாம். உங்கள் ஊர்க் கணக்கை Global Solar Atlas தளத்தில் `PVOUT` என்ற இடத்தில் பாருங்கள்.

பேனல்களையும் எண்ணுங்கள். 540 வாட் பேனல் 5 என்றால் 2.7 கிலோவாட்தான், 3 என்பது இன்வெர்ட்டரின் அளவாக இருக்கும்.

சரி, 12 யூனிட் என்றே வைப்போம். அந்த 3 வருடம் அப்போதே 4.5 ஆகிவிடும். அதோடு முடியவில்லை. பகலில் வீட்டில் 5 யூனிட்தான் செலவாகிறது, மீதி 7 கிரிட்டுக்குப் போகிறது, அதற்குப் பாதி விலைதான் என்றால், உங்களுக்கு மிச்சமாவது 8.5 யூனிட்டின் மதிப்பு. கணக்கு 6 வருடத்தைத் தாண்டிவிடும். கிரிட்டுக்குப் போகும் யூனிட்டை எந்த விலையில் கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.