லோனை சீக்கிரம் முடிக்கவா, ஈபிஎஃப்ல போடவா: மாசம் 600 வெள்ளிக்கு ஒரு கணக்கு

"அக்கா, எனக்கு வயசு 41, செம்பனை மில்லுல வேலை, சம்பளம் 3,800 வெள்ளி. 2015ல தாமான்ல வீடு வாங்கினோம், இன்னும் 160,000 வெள்ளி பாக்கி, 20 வருஷம் கட்டணும், மாசம் 970, வட்டி 4 பெர்சன்ட். கார் லோன் முடிஞ்சதால இப்ப மாசம் 600 மிஞ்சுது, பேங்க் சேவிங்ஸ்ல 15,000 இருக்கு. மனைவி வீட்டுலயே தையல் வேலை செய்றாங்க. எல்லாத்தையும் லோன்ல கட்டி முடிங்கன்னு மாமா சொல்றாரு, யூனிட் டிரஸ்ட்ல போட்டா 10 பெர்சன்ட் வரும்னு மச்சான் சொல்றாரு. எதைச் செய்றது?"
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி, மாமா பேச்சையும் மச்சான் பேச்சையும் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு முதல்ல உங்க லோன் கடுதாசியை எடுத்துப் பாருங்க. அது சாதாரண டெர்ம் லோனா, செமி ஃப்ளெக்ஸியா, ஃபுல் ஃப்ளெக்ஸியா? நான் சொல்லப்போறதுல பாதி இதுலதான் நிக்குது.

செமி ஃப்ளெக்ஸின்னா மாசத் தவணைக்கு மேல நீங்க போடுற காசு உடனே அசல்ல கழியும், வட்டி தினசரி பாக்கியை வச்சு கணக்கு பண்றதால அடுத்த நாள்ல இருந்தே வட்டி குறையும், அவசரம்னா மேல கட்டின காசை மட்டும் மனு போட்டு திரும்ப எடுத்துக்கலாம், சில பேங்க் அதுக்கு ஒரு சின்ன கட்டணம் வாங்கும். ஃபுல் ஃப்ளெக்ஸின்னா லோனோட ஒரு கரண்ட் அக்கவுன்ட் சேர்ந்திருக்கும், போடுறதும் எடுக்கறதும் இன்னும் சுலபம், ஆனா மாசாமாசம் கணக்குக் கட்டணம் இருக்கலாம். டெர்ம் லோன் வேற மாதிரி. நீங்க 600 கூட கட்டினா சில பேங்க் அதை அடுத்த மாசத் தவணைக்கு முன்பணமா வச்சுக்கும், அசல் குறையவே குறையாது, நாம வட்டி மிச்சம்னு நினைச்சுக்கிட்டே இருப்போம். அசல்ல கழிங்கன்னு எழுத்துல கொடுத்தாதான் கழிப்பாங்க, அப்படிக் கழிச்ச காசு திரும்ப கைக்கு வராது.

எந்த வகைன்னு கடுதாசியைப் பார்த்து புரியலன்னா ஒரு சோதனை இருக்கு. ஒரே தடவையில 5,000 கட்டிட்டு அடுத்த ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க. 4 பெர்சன்ட் லோன்ல 5,000க்கு மாசம் சுமார் 16, 17 வெள்ளி வட்டி, அசல்ல கழிஞ்சிருந்தா அந்த மாசம் ஏறுற வட்டி அந்த அளவுக்கு முன்னைவிட கூடவே குறையும், பாக்கியும் 5,000 இறங்கியிருக்கும். பாக்கி எப்பவும் போல மாசத்துக்கு நானூறு சில்லறைதான் இறங்கியிருக்குன்னா காசு முன்பணமா உட்கார்ந்திருக்கு, உடனே பேங்குக்குப் போய் பேசுங்க. ஆனா டெர்ம் லோன்னு தெரிஞ்சுட்டா இந்த சோதனையை கையிருப்பு காசை வச்சு செய்யாதீங்க, கவுன்டர்ல கேட்டாலே சொல்லிடுவாங்க.

சரி இப்ப உங்க 600 வெள்ளி. மாமா சொல்ற மாதிரி அதை மாசாமாசம் லோன்ல கூட கட்டினா 20 வருஷ லோன் சுமார் 10 வருஷம் 5 மாசத்துல முடிஞ்சிடும், கட்ட வேண்டிய வட்டி கிட்டத்தட்ட 72,700ல இருந்து 35,800க்கு இறங்கும், அதாவது 37,000 வெள்ளி மிச்சம். இந்த நம்பரைப் பார்த்தா யாருக்கும் மாமா பக்கம்தான் மனசு போகும். ஆனா இதை மட்டும் பார்த்து முடிவு எடுக்கக்கூடாது, ஏன்னா அந்த 37,000 சும்மா வர்றது இல்ல, நீங்க 10 வருஷத்துக்கு மேல மாசம் 600 போட்டதால வர்றது, அதே 600ஐ வேற இடத்துல போட்டிருந்தா அது எவ்வளவா வளர்ந்திருக்கும்னு பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் உண்மை தெரியும்.

வச்சுப் பார்ப்போம். 600ஐ லோன்ல போடாம ஈபிஎஃப்ல சொந்தமா போடுறீங்க, வருஷம் 5.5 பெர்சன்ட் டிவிடென்ட் வருதுன்னு வச்சுக்குங்க. அதே 10 வருஷம் 5 மாசம் கழிச்சு உங்க கைக்காசு 75,000, டிவிடென்ட் சேர்ந்து சுமார் 100,000 வெள்ளி ஆகியிருக்கும். அந்த நாள்ல உங்க லோன் பாக்கி, 970 மட்டும் கட்டிட்டு வந்திருந்தா, சுமார் 92,500. ஆக கணக்குப்படி அந்த லட்சத்தை வச்சு லோனை அடைச்சாலும் 7,000, 8,000 வெள்ளி மிஞ்சும். 25,000 டிவிடென்ட், 37,000 வட்டி மிச்சத்தை ஜெயிச்சது எப்படின்னு கேப்பீங்க. அந்த 37,000ல பாதிக்குக் கொஞ்சம் மேல அதுக்கு அப்புறம் வர்ற ஒன்பதரை வருஷத்து வட்டி, லோனை அந்த நாள்ல அடைச்சா அதுவும் மிச்சம்தானே, ரெண்டு வழியிலும் அது கிடைக்குது. மிஞ்சுறது 4க்கும் 5.5க்கும் நடுவுல இருக்கிற அந்த ஒன்றரை பெர்சன்ட் மட்டும்தான்.

டிவிடென்ட் 4 பெர்சன்ட்தான்னா ரெண்டும் சமம். 3க்கு இறங்கிட்டா லோன்ல போட்டிருந்தா 4,000, 5,000 வெள்ளி லாபம். ஈபிஎஃப் சாதாரண கணக்குல 2018ல இருந்து 2024 வரைக்கும் குறைஞ்சது 2020ல கொடுத்த 5.20, கூடுனது 2024ல கொடுத்த 6.30. அதுக்கு முன்னால 2008ல 4.50தான். சட்டப்படி கொடுத்தாகணும்னு இருக்கறது 2.5 பெர்சன்ட் மட்டும். லோன் வட்டியும் ஒரே இடத்துல நிக்காது, பேங்க் நெகாரா ஓபிஆர்ங்கற அடிப்படை வட்டியை மாத்தினா கூடவே மாறும். 2020ல 1.75 இருந்த ஓபிஆர் 2023 மே மாசம் 3.00 ஆச்சு, 2025 ஜூலைல 2.75க்கு இறங்குச்சு. அதனால 4 பெர்சன்ட் உங்களுக்கு 20 வருஷமும் 4ஆவே இருக்கும்னு நம்பாதீங்க, வட்டி மாறுதுன்னு பேங்க்ல இருந்து லெட்டர் வந்தா அந்த நம்பரை எழுதி வச்சு ஈபிஎஃப் டிவிடென்ட்டோட பக்கத்துல பாருங்க.

மச்சான் சொல்ற யூனிட் டிரஸ்ட் பத்தி ஒண்ணு மட்டும். லோன்ல கட்டினா 4 பெர்சன்ட் நிச்சயமா கிடைக்கற மாதிரி, யூனிட் டிரஸ்ட்ல 10 நிச்சயம் இல்ல, ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் முதலே குறையும். ஏஜென்ட் மூலம் வாங்கினா முதல் நாளே 5 பெர்சன்ட் கிட்ட விற்பனைக் கட்டணம் போகலாம், 600 போட்டா 570தான் உள்ள போகும். உங்களுக்கு மாசம் 600தான் கையில, இதுக்கு நான் சரி சொல்ல மாட்டேன்.

எனக்கு உங்க கடிதத்துல ரொம்ப முக்கியமா பட்டது மனைவியோட தையல் வேலை. நிரந்தர சம்பளம் இல்லாம சொந்தமா தொழில் செய்றவங்களுக்கு ஈபிஎஃப்ல ஐ-சாரான் திட்டம் இருக்கு, 60 வயசுக்குள்ள இருக்கணும். 2025ல இருந்து அவங்க அந்த வருஷம் போடுற காசுக்கு அரசாங்கம் 20 பெர்சன்ட் சேர்த்துக் கொடுக்குது, வருஷத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி, வாழ்நாள்ல மொத்தம் 5,000 வரைக்கும். வருஷம் 2,500 போட்டா 500 முழுசா கிடைக்கும், அதுக்கு மேல டிவிடென்ட் தனி. உங்க வீட்டு கணக்குல இதுக்குக் கிட்ட வர்ற இடம் வேற எதுவும் இல்ல தம்பி, லோன்ல போடுற 4 எங்க, போட்டதுமே சேர்ற 20 எங்க. மாசம் 210 வெள்ளி போட்டா போதும். மனைவியைக் கூட்டிக்கிட்டு ஈபிஎஃப் ஆபீஸ் போய் ஐ-சாரான்ல பதிஞ்சுடுங்க, பதியாம சும்மா கணக்குல போட்டா அந்த 500 வராது. உங்க பேர்ல போட்டாலும் வராது, நீங்க சம்பளத்துக்கு வேலை செய்றவர். வருமான வரி சலுகைக்காக உங்க பேர்ல போடலாமான்னும் யோசிக்காதீங்க, ஈபிஎஃப் சலுகை வருஷம் 4,000, உங்க சம்பளத்துல பிடிக்கிற 11 பெர்சன்ட்டே அதைத் தாண்டிடுச்சு.

மிச்சம் 390. இங்கதான் லோன் வகை வேலை செய்யுது. செமி ஃப்ளெக்ஸி இல்ல ஃபுல் ஃப்ளெக்ஸின்னா அதை லோன்ல போடுங்க. ஈபிஎஃப்ல போட்டா இப்பத்தைய கணக்குல 10 வருஷத்துக்கு 5,000 வெள்ளி கிட்ட கூட வரலாம், மாசத்துக்கு 40 வெள்ளி மாதிரி. ஆனா ஈபிஎஃப்ல நீங்க போடுறதுல 75 பெர்சன்ட் ஓய்வுக் கணக்குக்குப் போய் 55 வயசு வரைக்கும் உள்ளயே இருக்கும், 15 பெர்சன்ட் வீடு, படிப்பு, வைத்தியம்னு காரணத்துக்கு எடுக்கலாம், 10 பெர்சன்ட்தான் எப்ப வேணும்னாலும் எடுக்கற கணக்கு. மில்லுல பழம் வரத்து குறைஞ்சு ஓவர்டைம் நின்னா, பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் வந்தா, கைக்கு எட்டுற காசுதான் உதவும், மாசம் 40 வெள்ளி அதுக்கு ஈடு இல்லன்னு நான் நினைக்கிறேன். இந்த வழியில போனா லோன் சுமார் 12 வருஷம் 6 மாசத்துல, உங்க 53, 54 வயசுல முடியும். இல்லன்னா 61 வயசு வரைக்கும் போகும், 60ல ரிட்டயர் ஆனா சம்பளம் இல்லாம ஒரு வருஷம் தவணை கட்டணும், இதை மாமா சொல்லாமலே பயந்திருக்கார்னு தோணுது, அந்த பயம் நியாயம்தான்.

டெர்ம் லோன்னா கதை மாறுது. லோன்ல போட்டாலும் காசு திரும்பாது, ஈபிஎஃப்ல போட்டாலும் பெரும்பகுதி 55 வரைக்கும் வராது, ரெண்டும் பூட்டினதுதான்னா கூட தர்ற இடத்துல, அதாவது ஈபிஎஃப்ல 390ஐ போடுங்க. 5.5 பெர்சன்ட் கணக்குல 55ல அதை எடுத்து, அப்ப இருக்கற லோன் பாக்கியில கட்டினா லோன் முழுசா அடைஞ்சிடும், கையிலயும் கொஞ்சம் மிஞ்சும். ஈபிஎஃப் டிவிடென்ட் ரெண்டு வருஷம் தொடர்ந்து உங்க லோன் வட்டிக்குக் கீழ வந்தா அன்னைக்கு மாத்துங்க, அதுவரைக்கும் மாத்த வேணாம்.

அப்புறம் அந்த 15,000. அது உங்க வீட்டுக்கு நாலஞ்சு மாச செலவு, டெர்ம் லோன்ல அதை ஒரு வெள்ளிகூட கட்டாதீங்க, ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுட்டு விடுங்க. செமி ஃப்ளெக்ஸின்னா 10,000ஐ லோன்ல போட்டு வச்சா வருஷம் 400 வெள்ளி வட்டி மிச்சம், வேணும்னா எடுக்கலாம், ஆனா மனு போட்டு கைக்கு வர சில நாள் ஆகும், அதனால 5,000 சேவிங்ஸ்ல இருக்கட்டும். போடுறதுக்கு முன்னாடி பேங்க்ல ரெண்டு கேள்வி கேளுங்க: ஒரு தடவை குறைஞ்சது எவ்வளவு எடுக்கணும், எடுக்க எத்தனை நாள் ஆகும். பதிலை ஈமெயில்ல அனுப்பச் சொல்லுங்க.