மீசையைப் பெரிதாக்கினால் ஆள் கிடைக்க மாட்டார்

"ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஸ்டோர் கீப்பர் சார் ஓய்வு பெறுகிறார். அவர் போட்டோவைப் பார்த்து கேரிகேச்சர் வரைந்து கொடுக்க ஆசை. மூக்கு, மீசையைப் பெரிதாகப் போட்டால் ஆளே மாறிப்போகிறார், கிண்டல் பண்ணின மாதிரியும் இருக்கிறது. எப்படி வரைவது?"

மீசை வைத்தவர் உங்கள் கம்பெனியிலேயே ஐம்பது பேர் இருப்பார்கள். அதைப் பெரிதாக்கினால் பெரிய மீசைக்காரர் ஒருவர் கிடைப்பார், உங்கள் சார் கிடைக்க மாட்டார். ஒரு முகத்தை இன்னார் என்று காட்டுவதில் உறுப்புகளின் அளவைவிட அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குத்தான் பங்கு அதிகம். கண்ணுக்கும் புருவத்துக்கும் எவ்வளவு தூரம், மூக்கு எங்கே முடிகிறது, நெற்றி முகத்தில் எத்தனை பங்கு என்பதில்தான் ஆள் இருக்கிறார். மிகைப்படுத்த வேண்டியதும் அதைத்தான்.

இதற்கு ஒரு பொது அளவு வேண்டும். ஓவியம் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. முன்மயிர் தொடங்கும் கோட்டிலிருந்து புருவம் வரை ஒரு பங்கு, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை ஒரு பங்கு, அங்கிருந்து தாடை நுனி வரை ஒரு பங்கு, மூன்றும் சமம். இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண் அகலம் இடம். இந்தக் கணக்கில் அச்சாக இருக்கும் முகம் யாருக்கும் கிடையாது. ஒவ்வொருவரும் எங்கோ கொஞ்சம் விலகியிருப்பார்கள். அந்த விலகலைக் கண்டுபிடித்து, அது போகிற திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிவிட வேண்டும். 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சூசன் பிரென்னன் என்பவர் கேரிகேச்சர் வரையும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை எழுதினார். அதுவும் செய்தது இதைத்தான்: சராசரி முகத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பெருக்குவது. நமக்கு ஸ்கேலும் பென்சிலும் போதும்.

அதற்கு முன்னால் போட்டோ. பாதிப் படம் கெட்டுப்போவது இங்கேதான். கைநீட்டி எடுத்த செல்ஃபி வேண்டவே வேண்டாம். ஒன்றரை அடி தூரத்தில் கேமரா இருந்தால் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகவும், காதுகள் பின்னால் போய்ச் சிறிதாகவும் விழும். நீங்கள் அதை அவருடைய மூக்கு என்று நம்பி இன்னும் பெரிதாக்குவீர்கள். கடைசியில் மிகையானது கேமரா நெருக்கத்தின் கோளாறு, அவர் முகம் இல்லை. ஐந்தாறு அடி தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, கண் மட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நம்ம ஊர் வெயில். பன்னிரண்டு மணிக்கு வெளியே நிற்கவைத்து எடுத்தால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும், ஆளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். வராந்தா நிழலில், வெளியைப் பார்த்தபடி நிற்கவைத்தால் வெளிச்சம் முகத்தில் சமமாக விழும். "சார், ஒரு போட்டோ" என்று சொல்லி எடுக்காமல், பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நாலைந்து தட்டிவிடுங்கள். அளக்க நேர்முகமாக ஒன்று, முகபாவம் பிடிக்கச் சிரித்த முகம் ஒன்று, இரண்டும் வேண்டும்.

உங்கள் சாரை நான் பார்த்ததில்லை. அதனால் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை எழுத்தராக இருந்த ஒருவருக்கு நான் வரைந்த படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஏறிய நெற்றி, அடர்ந்த மீசை, கண்ணாடி. படம் கேட்ட ஆசிரியர்கள் எல்லோரும் "மீசையை விட்டுடாதீங்க" என்றுதான் சொன்னார்கள்.

ஜெராக்ஸ் கடையில் நேர்முகப் போட்டோவை ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். முன்மயிர்க் கோட்டிலிருந்து தாடை வரை 12 செ.மீ. வருகிற மாதிரி பெரிதாக்கச் சொன்னால் கணக்கு சுலபம், ஒவ்வொரு பங்கும் 4 செ.மீ. இருக்க வேண்டும். (உங்கள் சாருக்கு முன்மயிர் போய்விட்டிருந்தால், புருவத்தைத் தூக்கும்போது நெற்றிச் சுருக்கம் எதுவரை ஏறுகிறதோ அதையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.) இவருக்கு அளந்ததில் நெற்றி 4.6, புருவத்திலிருந்து மூக்கடி 3.2, மூக்கடியிலிருந்து தாடை 4.2. கண்ணின் அகலம் 1.8, இரண்டு கண்ணுக்கும் நடுவே 2.2.

இப்போது விலகல்களைப் பாருங்கள். நெற்றி 0.6 கூடுதல், நடுப்பகுதி 0.8 குறைவு, கீழ்ப்பகுதி 0.2 கூடுதல். ஆக, இந்த முகத்தின் பெரிய விஷயம் மீசை இல்லை, நெற்றிகூட இல்லை. நடுப்பகுதி குட்டையாக இருப்பதுதான். மூக்கு சின்னதாக இருப்பதால் மீசை கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் அது பெரிய மீசையாகத் தெரிந்தது. தனியாக அளந்தால் அது சாதாரண மீசை.

அதே விலகலை இன்னொரு தரம் சேர்த்தேன். நெற்றி 5.2, நடுப்பகுதி 2.4, கீழ்ப்பகுதி 4.4. கூட்டிப் பார்த்தால் அதே 12தான். இதை மறக்கக் கூடாது. ஒன்று பெரிதானால் இன்னொன்று சிறிதாக வேண்டும். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பழைய முகமே பெரிய சைஸில் வந்து நிற்கும். கண்களின் இடைவெளியை 2.6 ஆக்கினேன். மீசையைத் தொடவே இல்லை, போட்டோவில் இருந்த அதே அகலம், அதே கனம். மூக்குக்கு இடம் குறைந்ததால் மீசை தானாகவே பெரிதாகத் தெரிந்தது.

எவ்வளவு தள்ளலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. முதலில் விலகலில் பாதியைச் சேர்த்து ஒரு சின்ன ஸ்கெட்ச், அப்புறம் முழுசாகச் சேர்த்து ஒன்று போட்டுப் பாருங்கள். பரிசுப் படத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றால் போதும். இவருக்கு இரண்டு மடங்கு சேர்த்திருந்தால் நடுப்பகுதி 1.6 ஆகி, மீசை கண்ணாடியில் இடித்திருக்கும். பத்திரிகைக்கு அரசியல்வாதியை வரைகிறவர்கள் அந்த அளவுக்குப் போவார்கள், அவர்களுக்கு அது தேவை. மாலை போட்டு அனுப்பிவைக்கிற நிகழ்ச்சிக்குத் தேவையில்லை.

வரையும்போது கண், மூக்கு என்று ஆரம்பிக்காமல் தலையின் வெளிக்கோட்டை முதலில் போடுங்கள். ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையில் அந்தக் கோட்டுக்கும் பங்கு உண்டு. எழுத்தரின் தலை மேலே அகன்று தாடையில் ஒடுங்கும், நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. (இதை அவரிடம் சொல்லவில்லை.) வெளிக்கோட்டுக்குள் மூன்று பங்கையும் மெல்லிய கோடாகப் பிரித்து, கண், மூக்கு, வாய் மூன்றையும் வெறும் வடிவங்களாக வைத்துப் பாருங்கள். இந்தக் கட்டத்திலேயே ஆள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஷேடிங் போட்டுக் காப்பாற்ற முடியாது. இடைவெளியைத் திருத்துங்கள்.

இனி அந்தக் கிண்டல் விஷயம். மிகை அதிகமானதால்தான் படம் கிண்டலாகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் வேறு, தப்பான இடத்தில் கோடு போடுவது. கண்ணுக்குக் கீழே இருக்கும் பை, மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு, கழுத்துச் சதை, இவற்றைப் போட்டோவில் உள்ளபடி பேனாவால் இழுத்தாலே பத்து வயது கூடிவிடும். போட்டோவில் அது மெல்லிய நிழல், மையில் அது வெட்டு. மூக்கோர மடிப்பு சிரிப்புக்குத் தேவை, அதனால் அதை மட்டும் ஒரு சின்னத் துண்டுக் கோடாக, வாய்க்குப் போய்ச் சேரும் முன்பே நிறுத்திவிடுங்கள். மற்றதை விட்டுவிடலாம். பல்லை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோடு போடாதீர்கள், மேல்வரிசை முழுவதும் ஒரே வெள்ளை வடிவமாக இருக்கட்டும். பிரித்தால் சிரிப்பு போய்ப் பல் மட்டும் தெரியும்.

எதைத் தொடவே கூடாது என்பதில் நான் கறார். நோயால், அடிபட்டதால் வந்தது எதையும் மிகைப்படுத்துவதில்லை. நிறத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கோட்டிலேயே முடித்துவிடுவேன். தொப்பையும் வேண்டாம். எப்படியும் உடம்பைச் சின்னதாகத்தான் போடப்போகிறோம், தலை ஒன்று என்றால் கழுத்துக்குக் கீழே இரண்டு பங்கு போதும். வழுக்கை மட்டும் ஆளைப் பொறுத்தது. தன் வழுக்கையைத் தானே ஜோக் அடிப்பவருக்குத் தாராளமாக மின்ன விடலாம். பக்கவாட்டு முடியை இழுத்து மூடிக்கொள்பவர் என்றால் அந்த முடியை அவர் சீவுகிற மாதிரியே வரைந்துவிடுங்கள்.

தாராளமாக மிகைப்படுத்த வேண்டியது பாவத்தை. மனசாரச் சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறி, கீழ் இமையைத் தூக்கிவிடும். கண் அடிப்பக்கம் தட்டையாகி, பிறை போல ஆகும். வாயை மட்டும் வளைத்துக் கண்ணைப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரியே விட்டால் படம் பொய்ச்சிரிப்பு சிரிக்கும். கீழ் இமையை நன்றாக ஏற்றுங்கள், கண்மணியின் அடிப்பாகம் மறையட்டும். புருவத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். புருவம் கண்ணை நெருங்கினால் கோபம் வந்துவிடும். எழுத்தர் பேசும்போது தலையைச் சாய்த்து, கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அதைப் போட்டவுடன் மற்ற வேலையெல்லாம் பாதியாகக் குறைந்துவிட்டது. உங்கள் ஸ்டோர் கீப்பருக்கும் ஏதாவது இருக்கும்: சாவிக்கொத்தைச் சுழற்றுவாரோ, காதில் பேனா சொருகுவாரோ. கையில் ஒரு பொருள் போதும். சாவி, லெட்ஜர், குடை, டீ கிளாஸ் என்று அடுக்கினால் ஆளைவிட்டு சாமான்தான் தெரியும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மீசையையும் கண்ணாடியையும் துண்டுக் காகிதத்தால் மூடிவிட்டு, அவரைத் தெரிந்த ஒருவரிடம் பத்தடி தள்ளிக் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். "யார் இது?" என்று கேளுங்கள். உடனே பெயர் வந்தால் சரி. "அவர் தம்பியா?" என்று கேட்டால் உறுப்புகள் சரி, ஏதோ ஓர் இடைவெளி தவறு என்று அர்த்தம். பெரும்பாலும் அது புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும், அல்லது தாடையின் அகலம். "என்ன, வயசாகிட்ட மாதிரி இருக்கு?" என்றால் கோடு அதிகம், அழியுங்கள்.

மையிடும் முன் பென்சில் படத்தைப் போனில் எடுத்து அவர் வீட்டில் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். மகளோ மனைவியோ "அப்பாவுக்கு அந்தக் காது பத்திச் சொன்னா பிடிக்காது" என்று சொன்னால், காதை ரப்பரால் சின்னதாக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். மையிட்டபின் சொன்னால் படம் முழுவதையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.